மூன்று கால் பூனையை எங்கே வைப்பது: கூண்டா, ஓர் அறையா, வீடு முழுவதுமா?

கால் எடுத்த பூனையை வீட்டுக்குக் கூட்டி வரும்போது அறுவை சிகிச்சை முடிந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருக்கும். கையில் மருந்துச் சீட்டு, பூனையின் கழுத்தில் காயத்தை நக்கவிடாமல் தடுக்கும் கோன். "பத்துப் பதினாலு நாளில் தையல் பிரிக்கணும், அதுவரைக்கும் ஓட விடாதீங்க, குதிக்க விடாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். குதிக்காமல் எங்கே, எப்படி வைப்பது என்பதை வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பூனையோ, மயக்கம் தெளிந்த மறுநாளே சன்னல் மேல் கண் வைக்கும் பிராணி.

வழிகள் மூன்று. பெரிய கூண்டில் அடைப்பது, ஓர் அறையைக் காலி செய்து அதற்குள் வைப்பது, வழக்கம்போல் வீடு முழுக்க விடுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பூனைகளுக்கு ஏறுவதற்கு எதுவும் இல்லாத சிறிய அறைதான் நல்லது. கூண்டு கட்டாயமாகத் தேவைப்படும் பூனைகள் சில உண்டு. வீடு முழுக்க விடுவதை, தையல் பிரிக்கும் வரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏன் என்பது, போனது எந்தக் கால் என்பதிலிருந்து தொடங்குகிறது.

முன்காலா, பின்காலா

நிற்கும் பூனையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன, மீதியைப் பின்கால்கள். முன்கால் ஒன்று போனால் அந்தப் பாரம் பெரும்பாலும் மிச்சமிருக்கும் ஒற்றை முன்கால் மேல் இறங்குகிறது. பூனை அந்தக் காலைச் சற்று நடுவுக்குக் கொண்டுவந்து, நெஞ்சுக்கு நேர் கீழே ஊன்றி, தத்தித் தத்தி நடக்கக் கற்றுக்கொள்கிறது. பழகும் வரை தலை முன்பக்கம் சாயும். தரையில் இருக்கும் தட்டில் வாய் வைக்கக் குனிந்தால் மோவாய் இடிக்கும். ஏறுவதற்குப் பின்கால்களின் உந்தல் போதும் என்பதால் நாற்காலிமேல் சுலபமாக ஏறிவிடும். இறங்கும்போதுதான் மொத்த அதிர்ச்சியையும் அந்த ஒரு கால் வாங்க வேண்டியிருக்கிறது. புதிதாக முன்கால் இழந்த பூனை மேலிருந்து குதித்தால் நெஞ்சும் மோவாயும் தரையில் அடிபடும். தையல் இருப்பதும் அந்த நெஞ்சுப் பக்கத்தில்தான்.

பின்கால் போன பூனை நடப்பதற்குச் சீக்கிரம் பழகிவிடும். அதற்கு ஏறுவது கடினம். பாதித் தூரம் எம்பி, நகத்தால் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, பின்புறம் தரையில் விழும். மலம் கழிக்கக் குந்தும்போது ஒருபக்கம் சாயும். அந்தப் பக்கத்துக் காதையும் கழுத்தையும் சொறிந்துகொள்ள இனி அதனால் முடியாது. அதை நாம்தான் தினமும் சொறிந்துவிட வேண்டும், அப்படியே காதுக்குள் அழுக்கும் உண்ணியும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. முன்காலை எடுக்கும்போது பெரும்பாலும் தோள்பட்டை எலும்பையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். பின்காலைத் தொடையின் நடுவிலோ இடுப்பு மூட்டிலோ எடுப்பார்கள். "பாதிக் காலையாவது விட்டிருக்கலாமே" என்று நிறையப் பேர் வருத்தப்படுகிறார்கள். குட்டையாக ஒரு துண்டு மிஞ்சினால் பூனை அதை ஊன்றப் பார்க்கும், அது தரையில் உரசி உரசிப் புண்ணாகும். அதனால்தான் உயரத்தில் எடுக்கிறார்கள். செயற்கைக் கால் பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் இதில் இருக்கிறது: மாட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. 2009-இல் இங்கிலாந்தில் ஆஸ்கார் என்ற பூனைக்கு எலும்புக்குள்ளேயே பொருத்திச் செயற்கைப் பாதங்கள் வைத்தார்கள். அறுவடை இயந்திரத்தில் சிக்கி அது இழந்தது இரண்டு பின்பாதங்களையும். ஒரு கால் மட்டும் இழந்த பூனை மூன்று காலில் நன்றாகவே வாழும், அதற்கு அப்படிப்பட்ட வைத்தியம் தேவையில்லை.

கூண்டு

கூண்டு என்றால் பூனையைத் தூக்கிவரும் பிளாஸ்டிக் பெட்டி இல்லை. அதில் அரை நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. நாய்களுக்கு விற்கும் கம்பிக் கூண்டில் மூன்றடி நீளம், இரண்டடி அகலமாவது இருக்க வேண்டும். ஒரு கோடியில் பூனை மலம், சிறுநீர் கழிக்கும் லிட்டர் தட்டு, மறு கோடியில் படுக்கை, இரண்டுக்கும் நடுவில் பூனை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப இடம். இதைவிடச் சிறிதாக இருந்தால் பூனை லிட்டர் மேலேயே படுக்கும், காயத்தில் மண் ஒட்டும்.

கூண்டின் பலம் தெளிவானது. குதிக்கவே முடியாது. எவ்வளவு சாப்பிட்டது, சிறுநீர் போனதா என்று ஒரு பார்வையில் தெரியும். மருந்து கொடுக்கக் கட்டிலுக்கடியில் படுத்துத் தேட வேண்டாம். காலோடு இடுப்பு எலும்பும் உடைந்திருக்கிறது, வேறு காலில் கம்பி வைத்திருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், கூண்டுதான். வீட்டில் நாய் இருக்கிறது, தவழும் குழந்தை இருக்கிறது, தனியாக ஒதுக்க அறையே இல்லை என்றாலும் அதே பதில்தான்.

பலவீனம் பூனையின் மனசில் இருக்கிறது. ஒளிய இடமில்லாத பூனை பயந்தே கிடக்கும், பயந்த பூனை சாப்பிடாது. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி ஈரல் கெட்டுப்போகலாம். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால் ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போட வேண்டும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. ஆண் பூனை என்றால் இன்னொரு கவலையும் உண்டு. மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொள்வது ஆண் பூனைகளுக்கு வரும் நோய். தட்டில் போய்ப் போய்க் குந்துகிறது, முக்குகிறது, சொட்டு வரவில்லை என்றால் அது அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம்.

கூண்டுதான் என்று முடிவானால், மேலேயும் மூன்று பக்கமும் பழைய பருத்திப் புடவையால் மூடி, உள்ளே பக்கவாட்டில் படுக்க வைத்த அட்டைப் பெட்டி ஒன்று வையுங்கள். பூனைக்கு அதுதான் மறைவிடம். நம் வெயிலில் கனமான போர்வையால் மூடினால் உள்ளே புழுங்கும். ஆள் நடமாட்டம் கேட்கிற, ஆனால் யாரும் குறுக்கே போகாத மூலையில் கூண்டு இருக்கட்டும்.

ஓர் அறை

எட்டுக்கு எட்டு அளவு சின்ன அறை போதும், பெரிது தேவையில்லை. சாமான் அறை, படிக்கும் அறை, யாரும் படுக்காத படுக்கையறை எல்லாம் சரி. குளியலறை வேண்டாம். கதவைச் சாத்திவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் ஈரத் தரையில் மூன்று கால் வழுக்கும், காயமும் நனையும்.

அறையைத் தேர்ந்தெடுப்பதைவிட அதைக் காலி செய்வதில்தான் வேலை. பூனை எதன்மேல் எல்லாம் ஏறும் என்று அதன் கண்ணால் பாருங்கள். நாற்காலி, மேசை, பீரோவுக்குப் பக்கத்தில் அடுக்கிய பெட்டிகள், சன்னல் திட்டுக்குப் படியாகிற கட்டில் எல்லாம் போக வேண்டும். கட்டிலை எடுக்க முடியாவிட்டால் மெத்தையைத் தரையில் போட்டுவிட்டுக் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துக் கட்டிவிடலாம். அதுவும் முடியாவிட்டால் கட்டிலின் அடிப்பக்கத்தையாவது அட்டை வைத்து அடைக்க வேண்டும். பயந்த பூனை முதலில் போவது அங்கேதான். காயத்தோடு இருப்பதை அங்கிருந்து இழுத்தெடுப்பதைவிட மோசமான காரியம் இல்லை.

அடுத்தது தரை. இன்றைக்கு வீடுகளில் இருப்பது வழுவழு டைல்ஸ், இல்லாவிட்டால் கிரானைட். நான்கு காலில் தெரியாத வழுக்கல் மூன்று காலில் தெரியும். ஒற்றை முன்காலை ஊன்றும்போது அது வெளிப்பக்கம் சறுக்கினால் பூனை காயத்தின் மேலேயே விழும். இரண்டு முறை விழுந்த பூனை நடப்பதையே தள்ளிப்போடும். அது சோம்பல் என்று நமக்குத் தோன்றும், உண்மையில் தரையைப் பார்த்து வந்த பயம். வீட்டில் இருப்பதை வைத்து என்ன விரிக்கலாம்? கோரைப்பாய் வேண்டாம், அதுவே டைல்ஸ் மேல் நகரும், மேற்பரப்பும் வழுக்கும். ஜமுக்காளம் பிடிமானம் தரும், ஆனால் சுருண்டுகொள்ளும், அடியில் வழுக்காத ரப்பர் வலை விரித்தால் நன்றாக நிற்கும். தென்னை நார் மிதியடி தையல் மேல் உரசும். இரண்டு மூன்று யோகா மேட் போதும் என்பது என் கருத்து. ரப்பரில் நகம் பிடிக்கும், தரையோடு ஒட்டி நிற்கும், சிறுநீர் பட்டால் துடைத்துவிடலாம். படுக்கையிலிருந்து தண்ணீருக்கும் தட்டுக்கும் லிட்டருக்கும் விட்டுப்போகாமல் ஒரு பாதையாக விரித்தால் போதும், அறை முழுக்கத் தேவையில்லை. விரிப்புக்கு நடுவில் ஓரடி டைல்ஸ் விட்டுப்போனாலும் பூனை அங்கே நின்றுவிடும்.

பாதங்களுக்கு அடியில், விரல்களுக்கு நடுவில் முடி நீளமாக வளர்ந்திருந்தால் அதையும் கத்தரித்துவிடச் சொல்லுங்கள். நகத்தின் முனையை வெட்டலாம், ஆனால் மழுங்க வெட்ட வேண்டாம். இனி அந்த நகம்தான் அதன் பிரேக்.

சாப்பாட்டுத் தட்டை மூன்று நான்கு அங்குல உயரத்தில் வையுங்கள், முன்கால் போன பூனைக்குக் கட்டாயம். ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் தட்டை வைத்தாலே போதும். குனிய வேண்டாம் என்றால் எடை முன்னால் சாயாது, நின்றபடி நிம்மதியாகச் சாப்பிடும்.

லிட்டர் தட்டின் முன்விளிம்பு இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, தட்டோ பூனை உள்ளே முழுசாகத் திரும்புகிற அளவு பெரிதாக இருக்க வேண்டும். மூடிபோட்ட பெட்டி வேண்டாம். தையல் பிரிக்கும்வரை கட்டிபிடிக்கும் தூள் லிட்டரும் ஆற்றுமணலும் காயத்தில் போய் ஒட்டும். கிழித்த செய்தித்தாள்தான் நல்லது, மரத்தூள் உருண்டைகளில் பெரிதாக இருப்பதும் பரவாயில்லை. முன்கால் பூனை, இல்லாத காலால் மண்ணைத் தோண்டப் பார்க்கும். தோள் பக்கத்துத் தசை மட்டும் அசையும், மண் நகராது. சில நாள் கழித்து மற்றக் காலுக்கு மாறும், அப்போது நிற்க முன்பக்கம் கால் இல்லாமல் தட்டின் விளிம்பில் நெஞ்சைச் சாய்த்துக்கொள்ளும். சில பூனைகள் மூடாமலே வந்துவிடும். அதற்காகத் திட்டவோ பிடித்துக் காட்டவோ வேண்டாம், நாம் அள்ளிவிட்டால் போதும்.

வீடு முழுவதும்

இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அலட்சியத்தால் தேர்ந்தெடுப்பதில்லை. அறைக்குள் போட்டால் கதவைப் பிறாண்டி அழுகிறது, பார்க்கப் பொறுக்கவில்லை, வெளியே விட்டால் பேசாமல் வந்து மடியில் படுக்கிறது. அந்த மனசு புரிகிறது. ஆனால் முதல் வாரத்தில் பூனைக்குக் கொடுக்கிற வலிமருந்தை நினைத்துப் பாருங்கள். நிறைய டாக்டர்கள் எழுதும் காபாபென்டின் நரம்பு வலிக்கு நல்ல மருந்து, ஆனால் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். மூன்று காலுக்கு இன்னும் பழகாத உடம்பு, அதன்மேல் மருந்தின் தள்ளாட்டம், அதன்மேல் தனக்கு ஒன்றும் ஆகாததுபோல் பழைய இடத்துக்குத் தாவும் பழக்கம். மூன்றும் சோபாவின் விளிம்பில் ஒன்றுசேர்கின்றன.

அதிகம் அசைவதால் வரும் தொல்லை உடனே தெரியாது. தோலுக்கும் அடியிலிருக்கும் தசைக்கும் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும். மூன்றாம் நான்காம் நாளில் காயத்தின் தாழ்ந்த பக்கத்தில் மெத்தென்று ஒரு வீக்கம் தெரியும், தொட்டால் வலிக்காது, சூடாகவும் இருக்காது. சின்னதாக இருந்தால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். பூனை ஓடிக்கொண்டே இருந்தால் பெரிதாகி, தையல் மேல் இழுக்கும். சூடும், சிவப்பும், நாற்றமடிக்கும் சீழும் சேர்ந்தால் அது வேறு, அது கிருமித்தொற்று. முதல் சில நாள் காயத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் கன்றியிருப்பது சாதாரணம்தான்.

ஒரே அறை கொண்ட வீடுகள் இருக்கின்றன, அவர்களுக்கு வீடு முழுவதும் என்பதும் ஓர் அறை என்பதும் ஒன்றே. அங்கே பகலில் ஆள் கண்ணெதிரே தரையில் விட்டுவிட்டு, ஆள் இல்லாதபோதும் இரவிலும் கூண்டில் வைப்பது நல்ல நடுவழி.

முத்துவின் கதை

மதுரையில் என் தங்கை வளர்க்கும் முத்து மூன்று வயது ஆண் பூனை, கருத்தடை செய்தது, நாலரைக் கிலோ. பைக் அடித்ததில் இடது முன்காலுக்குப் போகும் நரம்புக் கொத்து தோளுக்கருகே அறுந்துபோனது. எலும்பு உடையவில்லை. பாதத்தை மடக்கிப் புறப்பக்கத்தால் இழுத்துக்கொண்டு நடந்தான். விரலை இடுக்கியால் அழுத்தினாலும் உணர்ச்சி இல்லை. சில பூனைகளுக்கு நரம்பு கொஞ்சம் மீளும் என்பதால் டாக்டர் சில வாரம் பொறுத்துப் பார்த்தார். அதற்குள் இழுபட்ட பாதத்தில் புண் வந்து, அதை அவன் கடிக்கவும் தொடங்கியதால், தோள்பட்டை எலும்போடு காலை எடுத்தார்கள்.

தங்கை முதலில் தேர்ந்தெடுத்தது கூண்டை. அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிய நல்ல பெரிய கூண்டுதான். ஆனால் முத்து லிட்டர் தட்டுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டான். அன்று இரவும் மறுநாள் காலையும் சாப்பிடவில்லை, சிறுநீரும் போகவில்லை. "அக்கா, என்னைப் பாக்கவே மாட்டேங்குறான், சுவரையே பாத்துட்டு இருக்கான்" என்று போனில் அழுதாள். டாக்டரிடம் கேட்டாள். முக்குகிறானா என்று அவர் கேட்டார். இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கொண்டுவரச் சொன்னார், சிறுநீர்ப்பை கல்லுபோல் இறுகியிருக்கவில்லை, அடைப்பு இல்லை. வலிமருந்தின் அளவு சரியாக இருக்கிறது, பயம்தான் காரணமாக இருக்கும், இடத்தை மாற்றிப் பாருங்கள் என்றார்.

துணி மடிக்கும் சின்ன அறையை அன்று மதியமே காலி செய்தார்கள். மூலையில் அட்டைப் பெட்டி, அதற்குள் தங்கையின் பழைய நைட்டி, யோகா மேட் இரண்டு, செய்தித்தாள் போட்ட தட்டு. பெட்டிக்குள் போய்ப் படுத்தான். உப்புப் போடாமல் வேகவைத்த மத்தி மீனை முள் எடுத்து, வெதுவெதுப்பாக, செங்கல் மேல் வைத்துக் கொடுத்ததும் அன்று மாலை சாப்பிட்டான். இரவில் சிறுநீர் போனான். மீனைச் சூடாகக் கொடுப்பதற்குக் காரணம் வாசனை. பூனை முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிட முடிவெடுக்கிறது.

ஆனால் அறையிலும் ஒன்று விட்டுப்போயிருந்தது. சன்னல் திட்டுக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டி. மூன்றாம் நாள் அதில் ஏறித் திட்டுக்குப் போய், அங்கிருந்து நேராகத் தரைக்குக் குதித்திருக்கிறான். யாரும் பார்க்கவில்லை, மோவாயில் இருந்த சிராய்ப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. மறுநாள் காயத்தின் கீழ்ப்பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் நீர் கோத்திருந்தது. டாக்டர் ஊசி போட்டு உறிஞ்சவில்லை. உறிஞ்சினால் திரும்பக் கோக்கும், ஊசி வழியாகக் கிருமியும் போகலாம் என்று விட்டுவிட்டார். பெட்டியை வெளியே எடுத்தார்கள். வீக்கம் தையல் பிரிக்கும் நாளில் பாதியாகியிருந்தது, அப்புறம் தானாகவே வற்றியது.

கோன் அவனுக்கு ஒத்துவரவில்லை. தலை தாழ்ந்து நடக்கும் பூனைக்குக் கோனின் விளிம்பு தரையில் தட்டி, முட்டி முட்டி நின்றான். முன்கால் காயம் நெஞ்சின் பக்கத்தில் இருப்பதால் கைக்குழந்தைகளின் பனியன் அதை நன்றாக மூடும். தங்கை அதைத்தான் போட்டாள், தினமும் இரண்டு வேளை தூக்கிப் பார்த்து, நனைந்தால் மாற்றினாள். பின்கால் காயத்துக்குச் சட்டை சரிப்படாது, அங்கே சிறுநீர் படும். அதற்குக் கோனேதான், மிருதுவான துணிக் கோன் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பூனைக்கு வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை பூனையைக் கொல்லும். அரை மாத்திரையும் வேண்டாம், குழந்தைகளுக்கான சிரப்பும் வேண்டாம். இபுப்ரோஃபென் வகையும் அப்படித்தான். டாக்டர் எழுதாத எந்த வலிமருந்தும் கூடாது. வலி அடங்கவில்லை என்பதற்கு அடையாளம் கத்துவது அல்ல. வலியிலிருக்கும் பூனை பெரும்பாலும் அமைதியாகிவிடும்: கூனிக் குறுகி உட்காரும், கண்ணைப் பாதி மூடியிருக்கும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். சில வாரம் கழித்தும், காயம் ஆறிய பிறகும், திடீரென்று துள்ளி எழுந்து, இல்லாத கால் இருந்த இடத்தைப் பார்த்துக் கடிக்கப் போனால், அது நரம்பு வலியாக இருக்கலாம். அந்தக் காட்சியைப் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

தையல் பிரித்த பிறகு

இனி வீட்டைத் திறந்துவிடலாம், ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் இல்லை. முதலில் நாம் இருக்கும் நேரத்தில் கூடம், பிறகு மற்ற அறைகள். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் இது கவனமாகச் செய்ய வேண்டிய கட்டம். ஆஸ்பத்திரி வாசனையோடு வந்ததை அது வேற்றுப் பூனை என்று நினைத்துச் சீறும். இரண்டின் படுக்கைத் துணிகளையும் சில நாள் மாற்றிப் போட்டுவிட்டு, அப்புறம் கதவைத் திறந்தால் சண்டை குறையும்.

உயரங்களுக்கு என்ன செய்வது என்பதில் சாய்வுப் பலகையா படிகளா என்ற கேள்வி வரும். முன்கால் போன பூனைக்கு நான் படிகளைத்தான் சொல்வேன். சாய்வுப் பலகையில் இறங்கும்போது உடம்பு முழுதும் அந்த ஒற்றை முன்கால் மேல் வழிந்து வரும். பலகை செங்குத்தாக இருந்தால் ஓடித்தான் இறங்க முடியும். ஐந்தாறு அங்குல உயரத்தில் அகலமான படிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் நின்று இறங்கும். பின்கால் போன பூனைக்கு மாறாகப் பலகை நல்லது, ஜமுக்காளத்தைச் சுற்றி ஆணியடித்தால் நகத்தால் பிடித்து முன்கால் பலத்திலேயே ஏறிவிடும். முத்துவுக்குத் தங்கை வாங்கியது ஒன்றுமில்லை: சோபாவுக்கு முன்னால் ஒரு முக்காலி, அதற்கு முன்னால் பழைய டெலிபோன் டைரக்டரிகளை இறுகக் கட்டி ஒரு படி. ஏறும்போது அவன் அதைச் சட்டைசெய்வதே இல்லை, நேராகத் தாவிவிடுகிறான். இறங்கும்போது மட்டும் அந்த வழியாகத்தான் இறங்குகிறான்.

வெளியே விடலாமா என்பது கடைசித் தேர்வு. முன்பு தெருவிலும் மதிலிலும் சுற்றிய பூனை வாசலில் நின்று கேட்கும். சமதளத்தில் மூன்று கால் பூனை நன்றாகவே ஓடும். ஆனால் தெருநாய் துரத்தும்போது பூனை தப்புவது ஓட்டத்தால் இல்லை, மதில்மேல் ஏறுவதால். பின்கால் இல்லாத பூனைக்கு எம்பும் விசை குறைவு. முன்கால் இல்லாத பூனை மரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. நம் ஊர்த் தெருக்களை நினைத்தால் வீட்டுக்குள்தான் என்பது என் முடிவு. அதற்குப் பதிலாகப் பால்கனியைக் கொடுக்கலாம். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையை மட்டும் நம்ப வேண்டாம், பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும். நெருக்கமான இரும்பு வலையைச் சட்டத்தில் அடித்தால் நிற்கும்.

உள்ளேயே இருக்கும் பூனை எடை போடும். இது மூன்று கால் பூனைக்கு மற்றவற்றைவிடப் பெரிய கெடுதல், ஏனென்றால் கூடும் எடையைப் பகிர்ந்துகொள்ள அந்தப் பக்கம் கால் இல்லை. நாலரைக் கிலோ, கருத்தடை செய்த, வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 220 முதல் 260 கலோரி போதும். உலர் தீனியாகவே கொடுத்தால் 60 முதல் 70 கிராம். தட்டை நிரப்பி வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தில் இதைப்போல ஒன்றரை மடங்கு சுலபமாகப் போய்விடும். சமையலறைத் தராசில் காலையில் அளந்து ஒரு டப்பாவில் போட்டு, அன்றைக்கு எல்லாரும் அதிலிருந்தே கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பேச்சே வராது. விலாவைத் தடவும்போது எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் ஏறி, நம் எடையைக் கழித்துக் குறித்து வைக்கலாம்.

அப்படித் தூக்கும்போது மிச்சமுள்ள முன்காலின் மணிக்கட்டையும் பார்த்துவிடுங்கள். நிற்கும்போது அது நேராக இருக்க வேண்டும். நாளாக நாளாக மணிக்கட்டு தாழ்ந்து தரையை நோக்கி வளைகிறது, பாதம் அகன்று பரவுகிறது, குதிப்பதைத் தவிர்க்கிறது, முன்பு ஏறிய இடத்துக்குக் கீழே நின்று கத்துகிறது என்றால் மூட்டுத் தேய்வு தொடங்கியிருக்கலாம். அப்போது டாக்டரிடம் மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதோடு எடையையும் மறுபடி பாருங்கள், யோகா மேட்டை எடுத்து வைத்துவிட்டிருந்தால் திரும்ப விரித்துவிடுங்கள்.